மீதம் எத்தனை ஸ்ப்ரிண்ட்? ஸ்டோரி பாயிண்ட், வெலாசிட்டி கொண்டு கணக்கிடும் முறை

ஐந்து பேர் கொண்ட சென்னைக் குழு ஒன்று, மருந்துக்கடைத் தொடர் ஒன்றுக்காக வீட்டுக்கே மருந்து அனுப்பும் செயலியை எழுதிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று டெவலப்பர்கள், ஒரு டெஸ்டர், திரை வடிவமைப்பையும் கொஞ்சம் நிரலையும் பார்த்துக்கொள்ளும் ஒருவர் என்பது அதன் அமைப்பு. வேலையை ஸ்ப்ரிண்ட் என்ற சுற்றுகளாகப் பிரித்துச் செய்கிறார்கள்; ஸ்ப்ரிண்ட் ஒன்றுக்கு இரண்டு வாரம். ஜூலை நடுவில் தொடங்கி ஆறு ஸ்ப்ரிண்ட்கள் முடிந்து, அக்டோபர் முதல் வாரம் வந்துவிட்டது. வாடிக்கையாளர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இன்னும் எத்தனை ஸ்ப்ரிண்ட் ஆகும்?

மீதமுள்ள வேலைகளின் பாயிண்ட்களைக் கூட்டி, ஒரு ஸ்ப்ரிண்டில் முடியும் பாயிண்ட்களின் அளவான வெலாசிட்டியின் சராசரியால் வகுத்தால் விடை வந்துவிடும் என்று பலரும் சொல்லிக்கொடுப்பார்கள். அந்த வகுத்தலில் தவறில்லை. ஆனால் அதை மட்டும் செய்து சொல்லப்படும் விடை பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். ஏன் குறைகிறது, அதை எப்படிச் சரிசெய்வது என்பதை இந்தக் குழுவின் எண்களை வைத்தே பார்க்கலாம். கணக்கு எளிதாக வர வேண்டும் என்பதற்காக எண்களை நானே அமைத்திருக்கிறேன். அவை நடந்துகொள்ளும் விதம் நான் பணியாற்றிய குழுக்களில் கண்டதுதான்.

முதலில் ஓர் அளவுகோல்

ஸ்டோரி பாயிண்ட் என்பது நேரத்தின் அலகன்று. ஒரு வேலை இன்னொரு வேலையைவிட எத்தனை மடங்கு பெரியது என்பதைச் சொல்லும் ஒப்பீட்டு எண். 1990-களின் இறுதியில் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் குழுக்கள், தடங்கலே இல்லாமல் வேலை பார்த்தால் எத்தனை நாள் ஆகும் என்று மதிப்பிட்டுவந்தன. அப்படிச் சொன்ன ஒரு நாள் வேலை நடைமுறையில் மூன்று நாள் வரை பிடித்தது. ஒரு நாள் என்றீர்களே, மூன்று நாள் ஏன் ஆனது என்று மேலே இருந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால், நாள் என்ற சொல்லை விட்டுவிட்டுப் பாயிண்ட் என்று சொல்லத் தொடங்கினார்கள். அந்த வட்டத்தில் இருந்த ரான் ஜெஃப்ரீஸ் இந்த வரலாற்றைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். ஸ்ப்ரிண்ட் முறையை வரையறுக்கும் ஸ்க்ரம் கைடின் 2020 பதிப்பில் ஸ்டோரி பாயிண்ட் என்ற சொல்லும் இல்லை, வெலாசிட்டி என்ற சொல்லும் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இவை குழுக்கள் தாமாக எடுத்துக்கொண்ட கருவிகள். பயன்பட்டால் வைத்துக்கொள்ளலாம், பயன்படாவிட்டால் விட்டுவிடலாம்.

செயலியில் பயனருக்குக் கிடைக்க வேண்டிய ஒரு வசதியைச் சொல்லும் வேலைத் துண்டுதான் ஸ்டோரி. அளவுகோலை அமைக்க, குழுவில் எல்லோரும் நன்கு அறிந்த, நடுத்தரத்துக்குச் சற்றுச் சிறிய ஒரு ஸ்டோரியைத் தேர்ந்தெடுங்கள். நம் குழு தேர்ந்தது, மருந்து வாங்குபவர் தம் முகவரியைச் சேர்த்துத் திருத்தும் ஸ்டோரி. அதற்கு 2 பாயிண்ட் என்று வைத்துக்கொண்டார்கள். இனி வரும் ஒவ்வொரு ஸ்டோரிக்கும், முகவரி ஸ்டோரியோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு என்பதே கேள்வி. 1, 2, 3, 5, 8, 13 என்ற எண்களை மட்டுமே பயன்படுத்துவது வழக்கம். வேலை பெரிதாக ஆக நம் மதிப்பீட்டின் துல்லியம் குறைகிறது, அதனால் எண்களுக்கு இடையிலான இடைவெளியும் அகன்றுகொண்டே போகிறது. ஒரு வேலை 6 பாயிண்டா 7 பாயிண்டா என்ற வாதத்துக்கு இதில் இடமே இல்லை. 13 என்று வந்த ஸ்டோரியை உடைத்துச் சிறிதாக்காமல் ஸ்ப்ரிண்டுக்குள் எடுக்காதீர்கள்.

அளவிடும் முறைக்குப் பிளானிங் போக்கர் என்று பெயர். ஜேம்ஸ் கிரென்னிங் 2002-இல் முன்வைத்தது. ஸ்டோரியைப் படித்துப் பேசிய பின், ஒவ்வொருவரும் தம் எண்ணுள்ள அட்டையைக் கவிழ்த்து வைத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். மூத்தவர் முதலில் எண்ணைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதையே ஒட்டிப் பேசுவார்கள் என்பதால்தான் இந்த ஏற்பாடு. எண்கள் ஒத்துவந்தால் அடுத்ததற்குப் போகலாம். ஒத்துவராத இடத்தில்தான் இந்த முறையின் உண்மையான பயன் இருக்கிறது.

நம் குழுவில், ஓர் ஆர்டரில் உள்ள சில மருந்துகளை மட்டும் ரத்து செய்யும் ஸ்டோரி வந்தது. மூத்த டெவலப்பர் 3 காட்டினார், டெஸ்டர் 13 காட்டினார். மிகக் குறைவாகச் சொன்னவரும் மிக அதிகமாகச் சொன்னவரும் மட்டும் காரணம் சொல்ல வேண்டும் என்பது விதி. "பட்டன் ஒண்ணு, ஒரு ஏபிஐ, அவ்வளவுதானே" என்றார் மூத்த டெவலப்பர். டெஸ்டர் விடவில்லை. "அண்ணா, ரத்து பண்ண மருந்துக்கு மட்டும் பணம் திரும்பப் போகணும். அதுக்கு ஜிஎஸ்டி பில்லைத் திருத்தி கிரெடிட் நோட் போடணும். கடையில பேக் பண்ணிட்டாங்கன்னா ஸ்டாக்கைத் திரும்ப ஏத்தணும். கூப்பன் போட்டு வாங்கியிருந்தா தள்ளுபடியை எப்படிப் பிரிக்கறது?" கூப்பனைப் பற்றி அதுவரை யாரும் நினைத்திருக்கவில்லை. கூப்பன் போட்ட ஆர்டர்களுக்கு இந்த வசதி இப்போதைக்கு வேண்டாம் என்று, எதை எப்போது செய்வது என்று முடிவெடுக்கும் பிராடக்ட் ஓனர் ஒப்புக்கொண்டு அதைத் தனி ஸ்டோரியாக்கினார். மறுபடி அட்டையைத் திறந்தபோது நான்கு பேர் 8 காட்டினார்கள், ஒருவர் 5. எட்டையே எழுதிக்கொண்டார்கள். மூன்றையும் பதின்மூன்றையும் கூட்டி இரண்டால் வகுத்து எட்டு என்று முடித்திருந்தாலும் அதே எண்தான் கிடைத்திருக்கும். ஆனால் கூப்பன் சிக்கல் ஸ்ப்ரிண்டின் எட்டாம் நாளில்தான் தலைகாட்டியிருக்கும்.

எதை முடிந்ததாக எண்ணுவது

ஒரு ஸ்ப்ரிண்டில் முழுமையாக முடிந்த ஸ்டோரிகளின் பாயிண்ட் கூட்டல்தான் அந்த ஸ்ப்ரிண்டின் வெலாசிட்டி. முழுமையாக என்பதற்கு ஒரே பொருளைக் குழு முன்கூட்டியே எழுதிவைத்திருக்க வேண்டும். நம் குழுவில் நிரல் எழுதி, இன்னொருவர் சரிபார்த்து, டெஸ்டர் சோதித்து, சோதனைச் சர்வரில் ஏற்றி, பிராடக்ட் ஓனர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் முடிந்தது. எட்டு பாயிண்ட் ஸ்டோரி ஒன்றில் எல்லாம் முடிந்து டெஸ்டிங் மட்டும் பாக்கி என்றால், அதற்கு இந்த ஸ்ப்ரிண்டில் கிடைப்பது பூஜ்யம். அடுத்த ஸ்ப்ரிண்டில் முடியும்போது எட்டும் அங்கே சேரும்.

புதிதாக வருபவர்கள் இதை அநியாயம் என்பார்கள். எண்பது சதவீதம் முடிந்துவிட்டது, ஆறு பாயிண்டாவது கொடுக்கலாமே என்று கேட்பார்கள். கொடுக்கக் கூடாது. அந்த எண்பது சதவீதத்தை யாரும் அளந்ததில்லை. மீதமுள்ள இருபது சதவீதம் மூன்று நாள் இழுப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பூஜ்யம், பிறகு எட்டு என்று ஏறி இறங்கினாலும் சில ஸ்ப்ரிண்ட்களின் சராசரியில் அது தானாகச் சமன்பட்டுவிடும். ஆறு, பிறகு இரண்டு என்று ஊகித்துப் போட்டால், முடிந்தவற்றைக் காட்ட வேண்டிய எண்ணுக்குள் ஊகம் கலந்துவிடுகிறது.

பிழை திருத்தம், சர்வர் பராமரிப்பு போன்றவற்றுக்குப் பாயிண்ட் போடுவதா என்ற விவாதம் எல்லாக் குழுக்களிலும் வரும். எந்த வழியிலும் போகலாம். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே வழியாக இருக்க வேண்டும். முடித்த பிழைகளுக்குப் பாயிண்ட் எண்ணினால், இனி வரப்போகும் பிழைகளையும் மீதத்தில் எண்ணியாக வேண்டும், அவை இன்னும் கண்டுபிடிக்கப்படவே இல்லை. அதனால் நம் குழு பிழைகளுக்குப் பாயிண்ட் போடுவதில்லை. பிழை அதிகமான ஸ்ப்ரிண்டில் வெலாசிட்டி குறையும்; அந்தக் குறைவு எதிர்காலத்துக்கும் பொருந்தும் என்பதால் முன்கணக்குக்கு அதுவே வசதி.

மீதத்தைக் கூட்டுதல்

ஆறு ஸ்ப்ரிண்ட்களில் குழு முடித்தவை வரிசையாக 14, 19, 23, 17, 25, 22 பாயிண்ட்கள். மொத்தம் 120, சராசரி 20. ஸ்டோரிகளின் எண்ணிக்கையில் பார்த்தால் 40, அதாவது ஸ்டோரி ஒன்றுக்குச் சராசரியாக 3 பாயிண்ட்.

செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலான பேக்லாகில் மீதம் இருப்பவை 52 ஸ்டோரிகள். அவற்றில் 36-க்கு மட்டுமே அட்டை வைத்து மதிப்பிட்டிருக்கிறார்கள், கூட்டினால் 112 பாயிண்ட். மற்ற 16 ஸ்டோரிகள் தலைப்பளவில்தான் இருக்கின்றன. இங்கேதான் முதல் கசிவு ஏற்படும்: மதிப்பிடாதவற்றுக்குப் பாயிண்ட் காலியாக இருப்பதால், ஜிரா போன்ற கருவிகளில் கூட்டல் அவற்றைப் பூஜ்யமாகவே எடுத்துக்கொள்ளும். திரையில் 112 என்று தெரியும், அதை நம்பி வகுத்தால் ஆறு ஸ்ப்ரிண்டுக்குள் வேலை முடிந்துவிடும் என்று வரும். பதினாறையும் உட்கார்ந்து விரிவாக மதிப்பிட வேண்டியதில்லை. முடித்த ஸ்டோரிகளின் சராசரியான 3-ஐ அவற்றுக்கு வைத்தால் 48, மொத்த மீதம் 160.

இந்தச் சராசரியை வைக்கும் முன் அந்தத் தலைப்புகளை ஒருமுறை பார்வையிடுவது அவசியம். தொலைவில் உள்ள தலைப்புகள் பல நேரங்களில் ஸ்டோரியாக இராது, பெரிய மூட்டையாக இருக்கும். நம் பட்டியலில் "மாதச் சந்தா மருந்துகள்" என்று ஒரு வரி இருந்தது. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் தானாக மருந்து அனுப்புவது. அதற்குள் குறைந்தது ஐந்து ஸ்டோரிகள் இருக்கின்றன. அப்படிப்பட்டவற்றைத் தலைப்பளவிலாவது உடைத்த பின்தான் மேலே சொன்ன 16 என்ற எண்ணிக்கை வந்தது.

வகுத்தல், பிறகு வீச்சு

160-ஐ 20-ஆல் வகுத்தால் 8 ஸ்ப்ரிண்ட். போகிற போக்கில் ஒன்று: 52 ஸ்டோரிகளை ஸ்ப்ரிண்டுக்குச் சராசரியாக முடிந்த ஏறத்தாழ 6.7 ஸ்டோரிகளால் வகுத்தாலும் ஏறத்தாழ அதே எட்டுதான் வருகிறது. ஸ்டோரிகளைச் சிறிதாகவும் ஓரளவு ஒரே அளவிலும் உடைக்கப் பழகிய குழுவுக்கு எண்ணிக்கை மட்டுமே போதும் என்று வாதிடுபவர்கள் இதைத்தான் சுட்டுகிறார்கள். முன்கணக்கைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை; கூப்பன் சிக்கலை வெளியே கொண்டுவந்த உரையாடலுக்காகத்தான் நான் இன்னும் அட்டைகளை வைத்திருக்கிறேன்.

எட்டு என்ற ஒற்றை எண் ஒரு சராசரியின் நிழல் மட்டுமே. வெலாசிட்டி 14-க்கும் 25-க்கும் இடையில் ஊசலாடியிருக்கிறது, அந்த ஊசலாட்டம் விடையிலும் தெரிய வேண்டும். எளிய வழி இது: ஆறு எண்களை ஏறுவரிசையில் அடுக்குங்கள். 14, 17, 19, 22, 23, 25. கீழே உள்ள மூன்றின் சராசரி 16.7, மேலே உள்ள மூன்றின் சராசரி 23.3. மீதத்தை இரண்டாலும் வகுத்து, பின்னத்தை மேல்நோக்கி முழுமையாக்கினால், நல்ல நிலையில் 7 ஸ்ப்ரிண்ட், மந்த நிலையில் 10 ஸ்ப்ரிண்ட்.

முதல் ஸ்ப்ரிண்டின் 14-ஐ நீக்கிவிடலாமே, அப்போது சர்வர் அமைப்பதிலேயே பாதி நேரம் போனது என்று யாராவது சொல்வார்கள். காரணம் திரும்ப வராது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் நீக்குங்கள். டெஸ்டர் ஒரு வாரம் விடுப்பில் போனதால் நான்காம் ஸ்ப்ரிண்ட் 17 ஆனது. அதை நீக்க நியாயமில்லை, யாராவது மறுபடி விடுப்பில் போகத்தான் போகிறார்கள். பிடிக்காத எண்களையெல்லாம் காரணம் காட்டி நீக்கிக்கொண்டே போனால் எஞ்சுவது குழுவின் வேகமன்று, குழுவின் ஆசை.

பேக்லாக் வளர்வதைக் கணக்கில் சேர்த்தல்

முன்கணக்குகள் பொய்த்துப்போவதற்கு நான் கண்ட முதன்மையான காரணம் வெலாசிட்டி குறைவதன்று. குழு ஒவ்வொரு ஸ்ப்ரிண்டிலும் சொன்னபடியே இருபது இருபதாக முடித்துக்கொண்டிருக்கும். மீதம் மட்டும் இருபது இருபதாகக் குறையாது. கூப்பன் ஸ்டோரி போல உள்ளேயிருந்து பிறப்பவை, வாடிக்கையாளர் செயலியைப் பார்த்த பின் கேட்பவை, சட்டத் தேவை என்று இடையில் வருபவை, மறுமதிப்பீட்டில் 3-லிருந்து 8-க்கு ஏறுபவை என்று மறுபக்கம் நிரம்பிக்கொண்டே இருக்கும்.

இதை அளப்பது கடினமன்று, யாரும் அளப்பதில்லை என்பதுதான் குறை. ஒவ்வொரு ஸ்ப்ரிண்டின் முடிவிலும் மீதமுள்ள மொத்தப் பாயிண்டை ஒரு தாளில் எழுதிவைத்தால் போதும். நம் குழு தொடங்கியபோது மொத்தம் 256 பாயிண்ட். 120 முடித்த பின் 136 தானே இருக்க வேண்டும்? இருப்பது 160. இடையில் 24 பாயிண்ட் சேர்ந்திருக்கிறது. ஸ்ப்ரிண்ட் வாரியாகப் பார்த்தால் 5, 0, 8, 3, 6, 2, சராசரி 4.

எனவே ஸ்ப்ரிண்ட் ஒன்றில் பேக்லாக் உண்மையில் குறைவது 20 அன்று, 16. இப்போது 160-ஐ 16-ஆல் வகுத்தால் 10 ஸ்ப்ரிண்ட். வீச்சின் இரு முனைகளிலும் இதே நான்கைக் கழிக்க வேண்டும். மேல் முனையில் 23.3 என்பது 19.3 ஆகி, 9 ஸ்ப்ரிண்ட் வருகிறது. கீழ் முனையில் 16.7 என்பது 12.7 ஆகி, 13 ஸ்ப்ரிண்ட் வருகிறது. முதலில் எட்டு என்று சொன்ன அதே குழு, அதே வேகம், அதே பேக்லாக். நேர்மையான விடை 9 முதல் 13 வரை. முதலில் சொன்ன எட்டு இந்த வீச்சுக்குள்ளேயே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

மந்த முனையில் பாதிப்பு பெரிதாக இருப்பதற்குக் காரணம், வேகம் குறைவாக இருக்கும்போதும் சேர்மானம் அதே அளவில் வருவதுதான். இருபத்துமூன்றிலிருந்து நான்கைக் கழிப்பதும் பதினாறிலிருந்து நான்கைக் கழிப்பதும் ஒன்றல்ல.

நிரல் எழுதத் தெரிந்தவர்கள் இதைச் சிறு உருவகப்படுத்தலாகவும் ஓட்டிப் பார்க்கலாம். ஒவ்வொரு ஸ்ப்ரிண்டிலும் முடித்ததிலிருந்து சேர்ந்ததைக் கழித்தால் நிகரம் கிடைக்கும்: 9, 19, 15, 14, 19, 20. இந்த ஆறு எண்களில் ஒன்றை ஒவ்வொரு முறையும் குருட்டாம்போக்கில் எடுத்து, 160 தீரும்வரை கழித்துக்கொண்டே போய், எத்தனை முறை ஆனது என்று எண்ண வேண்டும். இதைப் பத்தாயிரம் தடவை செய்தால் ஒரு பரவல் கிடைக்கும்.

```python
import random

net = [9, 19, 15, 14, 19, 20]

def sprints(left):
    n = 0
    while left > 0:
        left -= random.choice(net)
        n += 1
    return n

runs = sorted(sprints(160) for _ in range(10000))
print(runs[5000], runs[8500])
```

ஓட்டினால் 10, 11 என்று இரண்டு எண்கள் வரும். பாதி தடவைகளுக்குச் சற்று அதிகமானவற்றில் பத்து ஸ்ப்ரிண்டுக்குள் வேலை முடிந்துவிடுகிறது, பதினொன்றுக்குள் என்றால் ஏறத்தாழ பத்தில் ஒன்பது தடவை. ஒன்பதுக்குள் முடிவது பத்தில் ஒரு தடவைகூட இல்லை.

கையால் போட்ட கணக்கு 13 வரை போனது, இது 11-லேயே நிற்கிறதே என்று கேட்கலாம். நிரல் ஒவ்வொரு ஸ்ப்ரிண்டையும் முந்தையதோடு தொடர்பில்லாததாக எடுத்துக்கொள்கிறது. ஒரு மோசமான எண்ணை அடுத்து வரும் நல்ல எண் ஈடுசெய்துவிடுகிறது. நடைமுறையில் மோசமானவை சேர்ந்தாற்போல் வரும். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அதன் விளைவு அடுத்த மூன்று நான்கு ஸ்ப்ரிண்டுகளுக்கு நீடிக்கும். ஆறே எண்களை வைத்துக்கொண்டு நிரல் காட்டும் துல்லியத்தை நம்பி மேல் எல்லையை 11 என்று அறிவிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே பேசுவதற்கு 10 அல்லது 11 என்று வைத்துக்கொண்டு, வெளியே 9 முதல் 13 என்று சொல்வதே பாதுகாப்பு.

நாள்காட்டியில் வைத்தல்

அக்டோபர் முதல் வாரத்திலிருந்து 9 ஸ்ப்ரிண்ட் என்பது 18 வாரம், பிப்ரவரி இரண்டாம் வாரம். 13 ஸ்ப்ரிண்ட் என்பது 26 வாரம், ஏப்ரல் முதல் வாரம். இதற்கு நடுவே தீபாவளியும் பொங்கலும் இருக்கின்றன. ஐந்து பேருக்குப் பத்து வேலை நாள் என்றால் ஸ்ப்ரிண்டுக்கு 50 ஆள்நாள். பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் மூன்றும் வார நாளில் விழுந்தால் 15 ஆள்நாள் போய் 35 மிஞ்சும், அதாவது எழுபது சதவீதம். அந்த ஸ்ப்ரிண்டுக்கு 20 என்று எதிர்பார்க்காமல் 14 என்று வையுங்கள். ஊருக்குப் போகிறவர்கள் முன்னும் பின்னும் ஒரு நாள் சேர்த்து எடுப்பார்கள் என்பதையும் அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எல்லா விடுமுறைக்கும் இப்படிக் கழிக்க வேண்டியதில்லை. ஆகஸ்டு, செப்டம்பரில் வந்த விடுமுறைகள் ஏற்கெனவே பழைய வெலாசிட்டிக்குள் அடங்கியிருக்கின்றன. வழக்கத்தைவிடப் பெரிதாக வருவதை மட்டும் தனியே கழியுங்கள்.

பாயிண்ட் இல்லாமல் இறுதியில் வந்து நிற்கும் வேலைகளும் உண்டு. பாதுகாப்புத் தணிக்கை, கடை ஊழியர்களை வைத்து நடத்தும் பயனர் சோதனை, பழைய மென்பொருளிலிருந்து தரவை மாற்றுதல் ஆகியவற்றுக்கு நம் குழு ஒரு முழு ஸ்ப்ரிண்ட் ஒதுக்கியது. ஆகவே வாடிக்கையாளரிடம் போகும் எண் 10 முதல் 14.

அதைச் சொல்லும் முறையும் முக்கியம். "இப்போதைய பேக்லாகும் கடந்த ஆறு ஸ்ப்ரிண்ட்களின் போக்கும் தொடர்ந்தால், வெளியீடு பிப்ரவரி இறுதிக்கும் ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்கும் இடையில் இருக்கும்; ஒவ்வொரு ஸ்ப்ரிண்ட் முடிவிலும் இந்த வீச்சைத் திருத்தி அனுப்புவோம்" என்று எழுத்தில் கொடுங்கள். வாய்மொழியாக வீச்சைச் சொன்னால் கேட்பவர் காதில் முதல் எண் மட்டுமே நிற்கும்.

தேதி மாறவே முடியாது என்று வாடிக்கையாளர் சொல்லிவிட்டால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். எட்டு ஸ்ப்ரிண்டுகள்தான் இருக்கின்றன என்றால், மந்த வேகத்தில் பட்டியலிலிருந்து 101 பாயிண்ட் குறையும், நல்ல வேகத்தில் 155 வரை குறையும். பேக்லாகை முன்னுரிமைப்படி அடுக்கி, மேலிருந்து கூட்டிக்கொண்டே வந்து, 101-இல் ஒரு கோடும் 155-இல் ஒரு கோடும் கிழியுங்கள். முதல் கோட்டுக்கு மேலே உள்ளவற்றை நம்பி விளம்பரம் செய்யலாம். இரண்டு கோடுகளுக்கும் இடையில் இருப்பவை கிடைத்தால் கிடைக்கும். இரண்டாவதற்குக் கீழே உள்ளவை அந்தத் தேதியில் வராது. மாதச் சந்தா எந்தக் கோட்டுக்குக் கீழே விழுகிறது என்று காட்டியவுடன், அதுவரை எல்லாமே வேண்டும் என்று சொன்னவர் தாமே முன்னுரிமையை மாற்றத் தொடங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அளவுகோல் தேய்வது

நான் முன்பு பணியாற்றிய ஒரு நிறுவனத்தில் வெலாசிட்டியை மேலாண்மை இலக்காக்கிவிட்டார்கள். இருபதிலிருந்து முப்பதுக்கு உயர்த்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. மூன்று ஸ்ப்ரிண்டில் உயர்ந்தும்விட்டது. யாரும் திட்டமிட்டு ஏமாற்றவில்லை. இரண்டா மூன்றா என்ற ஐயம் வரும்போதெல்லாம் மூன்று என்று எழுதப்பட்டது, அவ்வளவுதான். நானும் அப்படி எழுதியவன். பேக்லாகில் இருந்த பழைய ஸ்டோரிகள் பழைய அளவிலேயே கிடந்தன, முடிப்பவை மட்டும் புதிய அளவில் எண்ணப்பட்டன. அறுபது பாயிண்ட் மீதம், இரண்டே ஸ்ப்ரிண்ட் என்று முன்கணக்கு சொன்னது. முடிக்க மூன்று ஸ்ப்ரிண்ட் ஆனது, ஏனெனில் ஒவ்வொரு ஸ்டோரியும் ஸ்ப்ரிண்டுக்குள் நுழையும்போது மறுமதிப்பீட்டில் வீங்கியது.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள் உண்டு. வெலாசிட்டி ஏறும்போது, முடிந்த ஸ்டோரிகளின் எண்ணிக்கையும் ஏறுகிறதா என்று பாருங்கள். எங்களுக்கு அது முன்பும் ஏழு, பின்பும் ஏழு. இரண்டாவது, நான்கைந்து மாதத்துக்கு ஒருமுறை பழைய அளவுகோல் ஸ்டோரிக்கு இணையான ஒன்றை எதையும் சொல்லாமல் அட்டைக்கு வையுங்கள். முகவரி ஸ்டோரி போன்ற ஒன்றுக்கு எல்லோரும் மூன்று காட்டினால், அளவுகோல் தேய்ந்துவிட்டது. மீதத்தையும் புதிய அளவில் ஒருமுறை மதிப்பிட்டாக வேண்டும். இதே காரணத்தால் இரண்டு குழுக்களின் வெலாசிட்டியை ஒப்பிடுவதிலும் பொருளில்லை, அவை வெவ்வேறு கோல்களால் அளந்த எண்கள்.

ஏழாம் ஸ்ப்ரிண்டுக்குப் பின்

முன்கணக்கு ஒருமுறை போட்டு வைக்கும் பொருளன்று என்பதால், நம் குழுவின் அடுத்த திருத்தத்தையும் போட்டுக் காட்டிவிடுகிறேன். ஏழாம் ஸ்ப்ரிண்டில் 18 பாயிண்ட் முடிந்தது, 7 பாயிண்ட் சேர்ந்தது. மீதம் 149. கடைசி ஆறு ஸ்ப்ரிண்ட்களை மட்டும் எடுக்கும் வழக்கப்படி முதல் ஸ்ப்ரிண்டின் 14 இப்போது கணக்கிலிருந்து வெளியேறுகிறது. அடுக்கினால் 17, 18, 19, 22, 23, 25. கீழ்ச் சராசரி 18, மேல்ச் சராசரி 23.3. சேர்மானத்தின் சராசரி 4.3 ஆகக் கூடியிருக்கிறது. கழித்து வகுத்தால் 8 முதல் 11 ஸ்ப்ரிண்ட், இறுதி வேலைகளுக்கான ஒன்றையும் சேர்த்தால் 9 முதல் 12.

சென்ற முறை சொன்ன 10 முதல் 14 என்பதில் ஒரு ஸ்ப்ரிண்ட் கழிந்துவிட்டதால் 9 முதல் 13 என்று எதிர்பார்த்திருப்போம். மேல் எல்லை ஒன்று குறைந்திருக்கிறது. இது நல்ல செய்திதான், ஆனால் குழு வேகமெடுத்ததால் வந்ததன்று. தொடக்கத்தின் மந்தமான ஸ்ப்ரிண்ட் ஒன்று பின்னுக்குப் போனதால் வந்தது. வாடிக்கையாளருக்கு அனுப்பும் குறிப்பில் புதிய வீச்சோடு இந்த ஒரு வரியையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். ஏழாவதில் சேர்ந்த ஏழு பாயிண்ட் எந்தெந்த ஸ்டோரிகள் என்ற பட்டியலையும் கீழே இணைத்துவிடலாம்.